மஃபாதீஹை அகராதியில் எங்கே தேடுவது?

அரபி எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும், அடிப்படை இலக்கணமும் ஓரளவு ஆகிவிட்டது, இனி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு செய்தியையோ பழைய நூலையோ தானே படித்துவிடலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். சொல் கண்முன்னே இருக்கிறது. அகராதியில் அது இல்லை. இரண்டு மூன்று இடங்களில் தேடிவிட்டு, அகராதி சரியில்லை என்று முடிவு கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அகராதி சரியாகத்தான் இருக்கிறது. அவர்கள் தேடியது ஒரு பன்மைச் சொல், அவ்வளவுதான்.

தமிழில் பன்மையை ஒருமையாக்குவது ஒரு வேலையே இல்லை. 'கள்' விகுதியை எடுத்துவிட்டால் சொல் கிடைத்துவிடும். அரபியிலும் அப்படிப்பட்ட பன்மை உண்டு. முஸ்லிம் என்றால் ஒருவர், முஸ்லிமூன் என்றால் பலர். ஆனால் அன்றாடப் பெயர்ச்சொற்களில் ஏராளமானவை இந்த வழிக்கு வருவதில்லை. கிதாப் (புத்தகம்) பன்மையில் குதுப் ஆகிறது. கலம் (எழுதுகோல்) அக்லாம் ஆகிறது. மஸ்ஜித் மஸாஜித் ஆகிறது. கடைசியில் எதுவும் ஒட்டவில்லை. சொல்லின் உள்ளே இருந்த உயிர்கள் மாறி, சொல்லே வேறு வடிவம் எடுத்துவிட்டது. இதை அரபி இலக்கணத்தில் ஜம்உ தக்ஸீர் என்பார்கள், உடைந்த பன்மை என்று பொருள். நம் ஊரில் சாதாரணமாகப் புழங்கும் உலமா, அவுலியா இரண்டும் இந்த வகைதான். ஆலிம் என்பதன் பன்மை உலமா, வலீ என்பதன் பன்மை அவ்லியா. தமிழில் அதன்மேல் இன்னொரு 'கள்' போட்டு உலமாக்கள் என்கிறோம்.

இலக்கணப் புத்தகங்கள் இந்தப் பன்மைகளின் வாய்பாடுகளை நீளமாகப் பட்டியல் போடும். இப்படிப்பட்ட ஒருமைக்கு இப்படிப்பட்ட பன்மை வரும் என்று போகும் அந்தப் பட்டியல், எழுதுகிறவருக்குப் பயன்படும். படிக்கிறவருக்கு வேண்டியது எதிர்த்திசை. கையில் பன்மை இருக்கிறது, ஒருமை தெரியாது. அந்தத் திசையில் போகும்போது நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: ஒருமையைத் தேடாதீர்கள், வேரைத் தேடுங்கள். 1952இல் ஜெர்மனில் வந்து 1961இல் ஆங்கிலமான ஹான்ஸ் வேர் அகராதி ஆகட்டும், பழைய பெரிய அகராதிகள் பல ஆகட்டும், சொற்களை வேரெழுத்துகளின் கீழ்தான் அடுக்கியிருக்கின்றன. வேரைப் பிடித்துவிட்டால் அதன் கீழே இருக்கும் ஒருமைகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் பன்மை குறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் படித்த பன்மை எந்த ஒருமையின் பக்கத்தில் நிற்கிறதோ, அதுதான் உங்கள் சொல்.

எல்லா வாய்பாடுகளையும் இங்கே எடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். செய்தியிலும் நூல்களிலும் ஓயாமல் வருவது அது. எழுத்தைப் பார்த்தே அடையாளம் காணக்கூடியதும் அதுதான். அரபியில் குறில் உயிர்களை எழுதுவதில்லை என்பது நினைவிருக்கட்டும். மஸாஜித் என்பது தாளில் மீம், ஸீன், அலிஃப், ஜீம், தால் என்ற ஐந்து எழுத்துதான். மஃபாதீஹ் (சாவிகள்) என்பது மீம், ஃபே, அலிஃப், தே, யே, ஹே என்ற ஆறு. இரண்டிலும் மூன்றாவது எழுத்து அலிஃப். அதற்குப் பின்னால் இரண்டு எழுத்து இருக்கும், அல்லது நடுவில் யே வைத்து மூன்று இருக்கும். முன்னால் ஒட்டியிருக்கும் 'அல்', 'வ', 'பி' போன்றவற்றையும், பின்னால் ஒட்டியிருக்கும் 'அவனுடைய', 'அவர்களுடைய' போன்ற ஒட்டுகளையும் கழித்துவிட்டு எண்ணவேண்டும். கழித்த பிறகும் இந்த வடிவம் நின்றால், பெரும்பாலும் அது உடைந்த பன்மை.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. முஸாஃபிர் (பயணி) என்ற ஒருமைச் சொல்லும் தாளில் மீம், ஸீன், அலிஃப், ஃபே, ரே என்றுதான் நிற்கும். மஸாஜிதுக்கும் இதற்கும் எழுத்தளவில் வடிவ வேறுபாடே இல்லை. இந்த இடத்தில் சொல்லை விட்டுவிட்டு அடுத்த சொல்லைப் பார்க்கவேண்டும். மனிதர் அல்லாதவற்றின் பன்மையை அரபி பெண்பால் ஒருமையாகவே நடத்தும். 'புதிய அலுவலகங்கள்' என்பது மகாதிப் ஜதீதா. ஜதீதா என்பது பெண்பால் ஒருமை வடிவம். பெண்பால் ஈறு இல்லாத ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் பெண்பால் அடைமொழி வந்து நின்றால், அந்தச் சொல் அநேகமாகப் பன்மை. முஸாஃபிருக்குப் பக்கத்தில் ஜதீத் என்றுதான் வரும்.

சரி, பன்மை என்று தெரிந்துவிட்டது. இப்போது அந்த மூன்றாவது அலிஃபை எடுத்துவிடுங்கள். அது பன்மை கொண்டுவந்தது, வேரைச் சேர்ந்தது இல்லை. ஈற்றுக்கு முன் யே இருந்தால் அதையும் தனியாக எடுத்து வையுங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. மிச்சம் நான்கு எழுத்து நிற்கும். பெரும்பாலான அரபி வேர்கள் மூன்றெழுத்து. ஆக, நான்கில் ஒன்று வெளியிலிருந்து வந்தது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

மஸாஜிதில் அது முதலில் நிற்கும் மீம். மீமை எடுத்தால் ஸ-ஜ-த, தலை தாழ்த்துதல் என்னும் வேர். அங்கே போனால் மஸ்ஜித் இருக்கிறது. மதாரிஸில் மீமை எடுத்தால் த-ர-ஸ, அங்கே மத்ரஸா இருக்கிறது. ஒருமையின் கடைசியில் இருந்த பெண்பால் ஈறு பன்மையில் உதிர்ந்துவிட்டது. இந்தக் குடும்பத்தில் அந்த ஈறு எப்போதும் உதிரும் என்பதால், பன்மையை மட்டும் பார்த்து ஒருமை ஆண்பாலா பெண்பாலா என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி பின்னால் சொல்கிறேன்.

ஷவாரிஃ (தெருக்கள்) என்ற சொல்லில் மீம் இல்லை. ஷீன், வாவ், ரே, ஐன் நிற்கின்றன. வெளியாள் இரண்டாவது இடத்து வாவ். ஒருமை ஷாரிஃ. ஒருமையில் ஷீனுக்குப் பின் இருப்பது அலிஃப், அதாவது வெறும் நெடில். பன்மை வடிவம் இரண்டாவது இடத்தில் ஒரு மெய்யைக் கேட்கிறது. நெடில் மெய்யாக நிற்க முடியாது, அதனால் அதன் இடத்தில் வாவ் வந்து நிற்கிறது. ஸாஹில் (கடற்கரை) ஸவாஹில் ஆவதும் இப்படித்தான். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையின் சுவாஹிலி மொழிக்குப் பெயர் வந்தது இந்தப் பன்மையிலிருந்து. ஆக, இரண்டாவது இடத்தில் வாவைக் கண்டால், அதை எடுத்துவிட்டு ஆகாரம் போட்ட ஒருமை ஒன்றை எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது வகையில் அலிஃபுக்கு அடுத்து ஹம்ஸா நிற்கும். ரஸாஇல் (கடிதங்கள்), கபாஇல் (குலங்கள்), ஜஸாஇர் (தீவுகள், அல்ஜீரியாவின் அரபிப் பெயரே இதுதான்). ஹம்ஸாவை எடுத்தால் ர-ஸ-ல, க-ப-ல, ஜ-ஸ-ர. ஒருமைகள் ரிஸாலா, கபீலா, ஜஸீரா. மூன்றிலும் இரண்டாவது அசை நெடில் என்பதைக் கவனியுங்கள். பன்மையின் அலிஃபுக்குப் பின்னால் இந்த நெடில் வந்து விழுந்தால் இரண்டு நெடில்கள் மோதும். அந்த மோதலில் பின்னது ஹம்ஸா ஆகிறது. நம் பள்ளிவாசல்களில் வாசிக்கப்படும் ஃபளாஇல் என்ற சொல்லும் ஃபளீலா (சிறப்பு) என்பதிலிருந்து இதே வழியில் வந்ததுதான்.

எடுத்து வைத்த யேக்கு இப்போது வரலாம். ஒருமையின் கடைசி அசை நெடிலாக இருந்தால் பன்மையில் அந்த யே இருக்கும், குறிலாக இருந்தால் இருக்காது. ஒருமையில் அது ஆகாரமா, ஈகாரமா, ஊகாரமா என்பது பொருட்டே இல்லை, பன்மையில் எல்லாம் ஈகாரம்தான். சுல்தான் ஸலாத்தீன் ஆகிறது, கின்தீல் (விளக்கு) கனாதீல் ஆகிறது, ஸுந்தூக் (பெட்டி, நம் ஊரில் ஜனாஸா சுமக்கும் சந்தூக்) ஸனாதீக் ஆகிறது. நெடில் என்ற அளவு மட்டும் தப்பிப் பிழைக்கிறது, எந்த நெடில் என்பது தொலைந்துவிடுகிறது. குறிலும் நெடிலும் காதில் பதிந்து வளர்ந்த தமிழருக்கு இதைக் கவனிப்பது எளிது என்பது என் அனுபவம்.

இந்த ஒரு யே எவ்வளவு முக்கியம் என்பதற்குக் குர்ஆனிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆறாவது அத்தியாயத்தின் 59ஆம் வசனத்தில் 'மறைவானவற்றின் மஃபாதிஹ் அவனிடமே இருக்கின்றன' என்று வருகிறது. மஃபாதீஹ் இல்லை, மஃபாதிஹ், குறில். மிஃப்தாஹ் என்ற வழக்கமான சொல்லின் பன்மையாக இருந்தால் யே இருந்திருக்கவேண்டும். எனவே விரிவுரையாளர்கள் மிஃப்தஹ், மஃப்தஹ் என்ற இரண்டு ஒருமைகளைச் சொல்கிறார்கள். முதலாவதைக் கொண்டால் சாவிகள், இரண்டாவதைக் கொண்டால் களஞ்சியங்கள். ஒரு குறில் இரண்டு பொருளுக்கு வாசல் திறந்துவிட்டது.

இந்த மூன்று வகையும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில்தான் தேடல் தவறும். மவாகிஃ, மவானிஃ என்று இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் இரண்டும் மீம், வாவ், அலிஃப் என்று தொடங்கி ஐனில் முடிகின்றன. மீம் வெளியாளா, வாவ் வெளியாளா? வடிவம் பதில் சொல்லாது. இரண்டையும் சோதித்துப் பார்க்கவேண்டியதுதான். மவாகிஃ என்பதில் மீமை எடுத்தால் வ-க-அ, விழுதல், அமைதல் என்னும் வேர். அதன் கீழே மவ்கிஃ (இடம், இன்றைக்கு இணையதளத்துக்கும் இதுவே சொல்), பக்கத்திலேயே பன்மை மவாகிஃ. முடிந்தது. மவானிஃ என்பதில் அதேபோல மீமை எடுத்துவிட்டு வ-ன-அ என்று தேடினால் எதுவும் அகப்படாது. வாவை எடுத்தால் ம-ன-அ, தடுத்தல். அங்கே மானிஃ (தடை), பன்மை மவானிஃ.

மஸாஇல் என்ற சொல்லிலும் இதே சிக்கல். ரஸாஇலைப் பார்த்த பழக்கத்தில் ஹம்ஸாவை எடுத்துவிட்டு ம-ஸ-ல என்று தேடப் போவார்கள். இங்கே ஹம்ஸா வேரின் உறுப்பு, வெளியாள் மீம். ஸ-ஹம்ஸா-ல, கேட்டல் என்னும் வேர், ஒருமை மஸ்அலா. ஆனால் மதாஇன் (நகரங்கள்) என்பதில் மீம் வேரில் சேர்ந்தது, ஹம்ஸாதான் வெளியாள். ம-த-ன என்ற வேரின் கீழ் மதீனா என்ற ஒருமையின் பன்மைகளில் ஒன்றாக அது நிற்கும். முதலில் மீமை எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அகராதியில் அந்த ஒருமையின் பக்கத்தில் உங்கள் பன்மை அச்சாக இருக்கிறதா என்று பார்க்காமல் நகரக் கூடாது. பொருள் ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று விட்டுவிட்டால், தவறான வேரிலிருந்து ஒரு அழகான தப்பர்த்தத்தோடு திரும்புவீர்கள். பன்மை அங்கே இல்லையென்றால் நான்கில் வேறு ஓர் எழுத்தை எடுத்துப் பாருங்கள்.

ஒருமையின் பாலைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன் என்றேன். மூன்று முதல் பத்து வரையுள்ள எண்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். எண்ணப்படும் பொருளின் ஒருமை ஆண்பாலாக இருந்தால் எண்ணுக்குப் பெண்பால் ஈறு வரும். பெண்பாலாக இருந்தால் வராது. தலைகீழ்தான். குர்ஆனின் 69ஆம் அத்தியாயத்தில் ஆது சமூகத்தை அழித்த காற்றைப் பற்றி 'ஏழு இரவுகளும் எட்டுப் பகல்களும்' என்று வருகிறது. ஸப்அ லயாலின் வ ஸமானியத்த அய்யாம். ஏழுக்கு ஈறு இல்லை, ஏனென்றால் இரவு, லைலா, பெண்பால். எட்டுக்கு ஈறு இருக்கிறது, ஏனென்றால் நாள், யவ்ம், ஆண்பால். பன்மைச் சொற்களான லயாலீ, அய்யாம் இரண்டுமே பால் எதையும் காட்டவில்லை. எண்தான் காட்டுகிறது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வாக்கியத்தில் பார்ப்போம். வஜத்து ஃபில் கஸாஇனில் கதீமதி அர்பஅ ரஸாஇல வ கம்ஸத்த மஃபாதீஹ். வஜத்து 'கண்டேன்', ஃபீ 'இல்'. அடுத்து கஸாஇன். அதன் அடைமொழி கதீமா, பெண்பால் ஒருமை. ஆகவே பன்மை என்ற சந்தேகம் உறுதியாகிறது. அலிஃபை எடுத்தால் கே, ஸே, ஹம்ஸா, நூன். மீமும் இல்லை, இரண்டாமிடத்து வாவும் இல்லை, ஹம்ஸா வெளியாள். வேர் க-ஸ-ன, சேமித்து வைத்தல். அந்த வேரின் கீழே மக்ஸன் என்ற சொல்லும் இருக்கும், ஆனால் அதன் பன்மை கஸாஇன் இல்லை, மகாஸின். மீம் இருந்தாக வேண்டும். கஸாஇனைத் தன் பக்கத்தில் வைத்திருப்பவை கிஸானா, கஸீனா என்ற இரண்டு. இரண்டுமே இரண்டாவது அசை நெடில், இரண்டுமே பெண்பால், வடிவத்தால் இதற்கு மேல் பிரிக்க முடியாது. கிஸானா பாரசீகம் வழியாக நம்மிடம் கஜானாவாக வந்த அதே சொல்; அரபியில் அதற்குக் கருவூலம் என்ற பொருளோடு அலமாரி என்ற பொருளும் உண்டு. கஸீனா பெரும்பாலும் கருவூலம். கடிதமும் சாவியும் கிடைக்கிற இடம் என்றால் அலமாரியே பொருத்தம்.

அர்பஅ என்ற எண்ணில் ஈறு இல்லை, ஆக ரஸாஇலின் ஒருமை பெண்பால், ரிஸாலா. கம்ஸத்த என்பதில் ஈறு இருக்கிறது, ஆக மஃபாதீஹின் ஒருமை ஆண்பால். மீமை எடுத்தால் ஃப-த-ஹ, திறத்தல்; யே இருப்பதால் கடைசி அசை நெடில்; மிஃப்தாஹ். பழைய அலமாரிகளில் நான்கு கடிதங்களையும் ஐந்து சாவிகளையும் கண்டேன்.

வேரைத் தேடச் சொல்வதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. சில சொற்களில் ஒருமையைவிடப் பன்மைதான் வேரைத் தெளிவாகக் காட்டும். மீஸான் (தராசு) என்ற ஒருமையைக் கையில் வைத்துக்கொண்டு வேர் தேடினால் நடுவில் நிற்கும் யே வழி தவறவைக்கும். பன்மை மவாஸீன், வாவ் வெளிப்படையாக நிற்கிறது, வேர் வ-ஸ-ன, எடை. ஒருமையில் இகரத்துக்குப் பின்னால் வந்த வாவ் ஈகாரத்தில் கரைந்துவிட்டது. பன்மையில் மீமுக்கு அகரம் வந்ததும் வாவ் திரும்பிவிட்டது. பாப் (வாசல்) என்பதன் நடு எழுத்து எது என்று ஒருமை சொல்லாது, அப்வாப் என்ற பன்மை வாவ் என்கிறது. நாப் (கோரைப்பல்) பன்மையில் அன்யாப், அங்கே யே. ஃபம் (வாய்) இரண்டே எழுத்து. அதன் பன்மை அஃப்வாஹ், மறைந்திருந்த வாவும் ஹேயும் வந்துவிட்டன, அகராதியில் அது ஃப-வ-ஹ என்ற வேரைச் சேர்ந்தது. உடைந்த பன்மையும் சிறுமைப் பெயரும் சொற்களை மூலத்துக்குத் திருப்பிவிடும் என்று அரபி இலக்கணிகள் சொல்வது இதைத்தான். இதற்கு விலக்கும் உண்டு. ஈத் (பெருநாள்) என்பதன் வேரில் வாவ்தான் இருக்கிறது, ஆனால் பன்மை அஃயாத், யேயுடன். ஊத் (கட்டை) என்பதன் பன்மை அஃவாத். அதோடு குழம்பாமல் இருக்கவே இப்படி வைத்துக்கொண்டார்கள் என்று விளக்குவார்கள்.

ஒருமையைக் கண்டுபிடித்த பிறகும் பன்மையை மறந்துவிடக் கூடாது. ஆமில் என்ற சொல்லின் கீழே உழைப்பாளி, காரணி என்று வெவ்வேறு பொருள்கள் இருக்கும். நீங்கள் படித்தது உம்மால் என்றால் உழைப்பாளிகள், அவாமில் என்றால் காரணிகள். பைத்துக்கு புயூத் என்றால் வீடுகள், அப்யாத் என்றால் பெரும்பாலும் கவிதை அடிகள். அகராதி ஒரு பொருளின் பக்கத்தில் ஒரு பன்மையைப் போட்டிருந்தால் அந்தப் பொருளைத்தான் எடுக்கவேண்டும். அவசரத்தில் முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் தேறிய மாணவர்களும் செய்யும் தவறு.

இந்த முறை கைவிடும் இடம் ஐந்தும் அதற்கு மேலும் மெய்கள் கொண்ட சொற்கள். இந்தப் பன்மை வடிவத்தில் நான்கு மெய்களுக்குத்தான் இடம் உண்டு. மிஞ்சியது வெளியே தள்ளப்படும். அன்கபூத் (சிலந்தி) அனாகிப் ஆகிறது, கடைசித் தே போய்விட்டது. ஸஃபர்ஜல் என்னும் பழத்தின் பெயர் ஸஃபாரிஜ் ஆகிறது, லாம் போய்விட்டது. பர்னாமஜ் (நிகழ்ச்சி, நிரல்) பராமிஜ் ஆகிறது. இங்கே விழுந்தது நடுவில் இருந்த நூன். போன எழுத்தைப் பன்மையிலிருந்து எந்தக் கணக்குப் போட்டும் மீட்க முடியாது. ஆனால் மூன்றிலும் முதல் இரண்டு மெய்கள் அப்படியே இருக்கின்றன. நான்கு எழுத்தில் எதை எடுத்தாலும் பொருந்தும் வேர் அகப்படவில்லை என்றால், நான்கையும் வைத்துக்கொண்டு அந்த முதல் இரண்டு எழுத்தில் தொடங்கும் நீளமான சொற்களை வரிசையாகப் பாருங்கள். வேற்றுமொழியிலிருந்து வந்த சொற்களை ஹான்ஸ் வேர் வேருக்குள் திணிக்காமல் எழுத்து வரிசையிலேயே வைத்திருக்கிறது. பே, ரே என்ற பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால் பர்னாமஜ் வந்துவிடும், பக்கத்தில் பராமிஜும் இருக்கும்.